மாத்திரையை இரட்டிப்பாக்கியும் ஏன் அவ்வளவுதான் குறைந்தது? கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்யும் பாதையும், குறைவை உணரும் விதமும்

என் மாமாவுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 170 இருந்தது. டாக்டர் அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் கொடுத்தார். இரண்டு மாதத்தில் 106 ஆனது. இன்னும் குறைய வேண்டும் என்று அளவை 20 ஆக்கினார்கள். மறுபடி பார்த்தபோது 96. "பத்து மில்லிக்கு அறுபத்து நாலு குறைஞ்சுதே, இன்னொரு பத்துக்கு வெறும் பத்துதானா? மாத்திரை போலியா இருக்குமோ?" என்று கேட்டார் மாமா.

மாத்திரை போலி இல்லை. ஸ்டாட்டின் மருந்துகள் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்ளும். ஒவ்வொரு முறை அளவை இரட்டிப்பாக்கும்போதும், ஆரம்ப அளவில் சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாகக் குறையும். 170-இல் 6 சதவீதம் என்பது 10 தான். மாமாவுக்குக் கிடைத்ததும் அதே 10. ஏன் இப்படி என்று புரிய வேண்டுமானால் கல்லீரல் செல்லுக்குள் போய் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கொலஸ்ட்ராலை அது எப்படிச் செய்கிறது என்பது ஒன்று. "குறைந்துவிட்டது, இன்னும் செய்" என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். முதலாவது தெரியாமல் அது விளங்காது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: இரண்டு கார்பன் துண்டு

கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள். நான்கு வளையங்கள், ஒரு வால். இவ்வளவு சிக்கலான பொருளைச் செல் எதிலிருந்து கட்டுகிறது? இரண்டே கார்பன் உள்ள அசெட்டைல் கோ-ஏ என்ற சின்னத் துண்டிலிருந்து. சோறு, எண்ணெய் என்று நாம் எதைச் சாப்பிட்டாலும், எரிக்கப்படும் வழியில் அது பெரும்பாலும் இந்தத் துண்டாக மாறுகிறது. அதனால்தான் கொலஸ்ட்ரால் துளியும் இல்லாத உணவை மட்டும் சாப்பிடுகிறவரின் உடம்பும் கொலஸ்ட்ராலைச் செய்துகொண்டே இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. கான்ராட் பிளாக் அசெட்டேட்டில் உள்ள கார்பன்களுக்கு ஐசோடோப் அடையாளம் இட்டு எலிகளுக்குக் கொடுத்தார். பிறகு அவற்றின் கொலஸ்ட்ராலைப் பிரித்து, அடையாளமிட்ட கார்பன் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். 27 கார்பன்களில் 15 அசெட்டேட்டின் ஒரு முனையிலிருந்தும் 12 மறுமுனையிலிருந்தும் வந்திருந்தன. கொலஸ்ட்ராலின் கார்பன் முழுவதும் அந்த இரண்டு கார்பன் துண்டிலிருந்தே வருகிறது என்பது இதனால் உறுதியானது. இந்தப் பாதையைத் தெளிவுபடுத்தியதற்காக பிளாக்கும் ஃபியோடர் லைனனும் 1964-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இரண்டாம் படி: மூன்று துண்டு சேர்ந்து ஆறு, அப்புறம் வாசல்

இரண்டு துண்டுகள் சேர்ந்தால் நான்கு கார்பன். மூன்றாவதும் சேர்ந்தால் ஆறு கார்பன் உள்ள எச்எம்ஜி கோ-ஏ. இதுவரை செல் எந்த முடிவும் எடுக்கவில்லை. இந்தப் பொருளை மறுபடி உடைத்துவிடவும் முடியும்.

முடிவு எடுக்கப்படுவது அடுத்த இடத்தில். எச்எம்ஜி கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி, எச்எம்ஜி கோ-ஏவை மெவலோனேட்டாக மாற்றுகிறது. இதற்கு என்ஏடிபிஎச் என்ற ஒடுக்கும் மூலக்கூறு இரண்டு செலவாகும். இந்த வாசலைத் தாண்டிவிட்டால் திரும்பி வர வழியில்லை. முழுப் பாதையின் வேகமும் பெரும்பாலும் இந்த ஒரு நொதி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஸ்டாட்டின் மாத்திரை போய் அடைப்பதும் இதே இடத்தைத்தான்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரிடக்டேஸ் செல்லுக்குள் மிதந்து திரியும் நொதி இல்லை. எண்டோபிளாச வலை என்ற உள்சவ்வில் வேர் ஊன்றி, வேலை செய்யும் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சவ்வில் ஏன் ஊன்ற வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் பின்னால் வரும்.

மூன்றாம் படி: ஐந்து, பத்து, பதினைந்து, முப்பது

மெவலோனேட்டில் ஆறு கார்பன். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூன்றைச் செலவழித்து, ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாக உதறிவிட்டு, ஐந்து கார்பன் உள்ள ஐசோபிரீன் அலகாக அதைச் செல் மாற்றுகிறது. இனி எல்லாம் கூட்டல் கணக்கு. ஐந்தும் ஐந்தும் பத்து. இன்னொரு ஐந்து சேர்ந்தால் பதினைந்து, இதற்கு ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் என்று பெயர். இரண்டு பதினைந்துகள் தலையோடு தலை ஒட்டினால் முப்பது. அதுதான் ஸ்குவாலீன். சுறா மீனின் ஈரல் எண்ணெயில் நிறைய இருப்பதால், சுறாவின் லத்தீன் பெயரிலிருந்து வந்த பெயர் அது.

கணக்கைச் சரிபார்த்துவிடலாம். ஸ்குவாலீனுக்கு ஆறு ஐந்து-கார்பன் அலகுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று அசெட்டைல் துண்டுகள். ஆக மொத்தம் 18 துண்டுகள், 36 கார்பன். ஆறு கார்பன் டை ஆக்சைடாகப் போனால் மீதி 30. கடைசியில் மேலும் மூன்று கார்பன்கள் வெட்டப்பட்டு 27 நிற்கும்.

பதினைந்து கார்பன் நிலையில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் அங்கே பாதை கிளைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைச் சுமக்கும் யுபிகுவினோன், புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலி பூட்ட உதவும் டோலிக்கால், ராஸ் போன்ற புரதங்களைச் சவ்வில் ஒட்டவைக்கும் வால், இவை எல்லாம் இங்கிருந்து பிரிந்து போகின்றன. ஆகவே கொலஸ்ட்ரால் போதுமென்றாலும் மெவலோனேட் வாசலை அடியோடு மூடிவிடச் செல்லால் முடியாது. கொஞ்சம் கசிய விட்டே ஆக வேண்டும்.

நான்காம் படி: நூல் சுருண்டு வளையமாகும் இடம்

ஸ்குவாலீன் ஒரு நீண்ட நூல். அதன் ஒரு முனையில் ஓர் ஆக்சிஜன் அணு ஏறுகிறது. உடனே ஒரே நொதி அந்த நூலை மடித்து, ஒரே வீச்சில் நான்கு வளையங்களையும் பூட்டிவிடுகிறது. ஒரு நீளமான நூல் இவ்வளவு துல்லியமாக மடிவது உயிர்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று. கிடைப்பது லானோஸ்டெரால். ஆட்டு ரோமத்தின் மெழுகிலும் இதே பொருள் இருக்கிறது.

லானோஸ்டெராலிலிருந்து கொலஸ்ட்ராலுக்கு ஏறத்தாழ 19 வினைகள். மூன்று மீதைல் குழுக்களைக் கழற்றுவது, இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றுவது என்று சீர் செய்யும் வேலைகள் அவை. ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொலஸ்ட்ராலுக்கு ஒரே ஒரு படி முன்னால் இருக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி-யாக மாறும் வழியில் போய்விடுகிறது. இரண்டும் ஒரே பாதையின் பொருட்கள்தான்.

சரி, பொருள் தயாராகிவிட்டது. எவ்வளவு செய்ய வேண்டும் என்று யார் சொல்வது?

அளவு பார்க்கும் இடம் எது?

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் சர்க்கரையை அளப்பதுபோலச் செல்லின் நீர்ப்பகுதியில் அதை அளக்க வழியில்லை. சவ்வுக்குள்ளேயே அளக்க வேண்டும். எந்தச் சவ்வில்?

செல்லின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி வெளிச்சவ்வில் இருக்கிறது. அங்கே அளந்தால்தானே சரி என்று தோன்றும். ஆனால் அளக்கும் கருவி இருப்பது எண்டோபிளாச வலையில். செல்லின் மொத்தக் கொலஸ்ட்ராலில் அங்கே இருப்பது சுமார் ஒரு சதவீதம்தான். படிக்கும்போது எனக்கு முதலில் இது விசித்திரமாகத்தான் பட்டது.

ஏரியை நினைத்துப் பாருங்கள். ஏரி நிரம்பும்வரை கலிங்குக்குக் கீழே உள்ள வாய்க்கால் காய்ந்து கிடக்கும். நிரம்பி ஒரு விரல் உயர்ந்தால் போதும், கலிங்கு வழிந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அவ்வளவு பெரிய ஏரியில் ஒரு விரல் உயர்ந்ததைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். வாய்க்காலைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். வெளிச்சவ்வு ஏரி. அங்குள்ள பாஸ்போலிப்பிடுகள் பிடித்துவைக்கும் அளவுக்கு மேல் கொலஸ்ட்ரால் வந்தால், மிச்சம் எண்டோபிளாச வலைக்கு வழிகிறது. எண்டோபிளாச வலைதான் வாய்க்கால். வெளியே நடக்கும் சின்ன மாற்றம் இங்கே பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

அளவுக்குறியும் தெரியும். எண்டோபிளாச வலையின் சவ்வில் 100 கொழுப்பு மூலக்கூறுகளை எண்ணினால், அவற்றில் 5 கொலஸ்ட்ராலாக இருப்பதுதான் எல்லை. அதற்கு மேலே போனால் தயாரிப்பு அடங்கும். கீழே போனால் தயாரிப்பு எழும். அதுவும் படிப்படியாக இல்லை, அந்த எல்லையைச் சுற்றி மின்விளக்கு விசைபோலச் சட்டென்று மாறுகிறது. டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரின் ஆய்வகத்தில் எண்டோபிளாச வலையைத் தனியாகச் சுத்தம் செய்து எடுத்து, 2008-இல் இதை அளந்து காட்டினார்கள்.

மூன்று புரதங்கள், ஒரு பிடி

எண்டோபிளாச வலையில் மூன்று புரதங்கள் சேர்ந்து நிற்கின்றன. முதலாவது எஸ்ரெப்-2. இது ஜீன்களை இயக்கும் புரதம், ஆனால் சவ்வில் கட்டப்பட்டுக் கிடக்கிறது. சவ்வை இருமுறை ஊடுருவி, ஒரு கொண்டை ஊசிபோல வளைந்து நிற்கும். அதன் ஒரு முனைதான் உட்கருவுக்குப் போய் வேலை செய்ய வேண்டியது. சவ்வை விட்டு அது கழற்றப்பட்டால்தான் போக முடியும்.

இரண்டாவது ஸ்காப். எஸ்ரெப்-2-இன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் துணை இது. எட்டு முறை சவ்வைக் கடந்து செல்லும் பெரிய புரதம். கொலஸ்ட்ராலை நேரடியாகத் தொட்டுப் பார்ப்பது இதுதான். மூன்றாவது இன்சிக். இது நங்கூரம், எண்டோபிளாச வலையை விட்டு நகராது.

இப்போது கொலஸ்ட்ரால் தாராளமாக இருக்கும் நிலையைப் பாருங்கள். கொலஸ்ட்ரால் ஸ்காப்பில் ஒட்டுகிறது. ஒட்டியதும் ஸ்காப்பின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது. அந்த மாறிய வடிவத்தை இன்சிக் பிடித்துக்கொள்கிறது. ஸ்காப்பில் ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னப் பகுதி உண்டு. கோல்கை என்பது புரதங்களைச் சீர்செய்து பிரித்தனுப்பும் இன்னொரு உள்சவ்வு அமைப்பு. சரக்கேற்றும் புரதங்கள் அதைப் பார்த்துத்தான் "இது கோல்கைக்குப் போக வேண்டிய சரக்கு" என்று தெரிந்துகொண்டு நுண்பையில் ஏற்றும். வடிவம் மாறியதும் அந்தப் பகுதி எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. சரக்கு ஏறாது. ஸ்காப்பும் அது பிடித்திருக்கும் எஸ்ரெப்-2-உம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கொலஸ்ட்ரால் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காப்பில் ஒட்டியிருந்தது கழன்றுவிடும். வடிவம் பழையபடி ஆகும். இன்சிக்கின் பிடி விடும். ஆறு அமினோ அமிலப் பகுதி வெளியே தெரியும். நுண்பை வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு கோல்கைக்குப் போகும்.

இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம் வரும். குறைந்துவிட்டது என்று அறிவிக்கும் மூலக்கூறு எதுவும் இங்கே இல்லை. கொலஸ்ட்ரால் என்ற பிடி இல்லாமல் போவதுதான் செய்தி. கட்டிவைத்த கன்றின் கயிறு அவிழ்ந்தால் அது தானே ஓடுவதுபோல, எஸ்ரெப்-2 எப்போதும் புறப்படத் தயாராகவே இருக்கிறது.

கோல்கையில் இரண்டு வெட்டு

கோல்கையில் இரண்டு நொதிகள் காத்திருக்கின்றன. முதலாவது, எஸ்-1-பி. கொண்டை ஊசியின் வளைவு சவ்வின் உட்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதை இது வெட்டுகிறது. இரண்டு கால்களும் தனித்தனியாகின்றன, ஆனால் இன்னும் சவ்வில்தான் இருக்கின்றன. இரண்டாவது, எஸ்-2-பி. துத்தநாகம் வைத்து வேலை செய்யும் இந்த நொதி, சவ்வுக்குள்ளேயே புகுந்து முதல் காலை அறுக்கிறது. தண்ணீர் வைத்து வெட்டும் வேலை, தண்ணீர் நுழையாத கொழுப்புக்குள் நடக்கிறது. சவ்வுக்குள் புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட முதல் சில உதாரணங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் வெட்டு முடிந்ததும் எஸ்ரெப்-2-இன் முன்பாதி விடுதலையாகி உட்கருவுக்குள் போகிறது.

வெட்டும் கத்தியைப் பக்கத்திலேயே வைக்காமல் இவ்வளவு தூரத்தில் வைத்தது ஏன்? பயணம்தான் கட்டுப்பாடு. இதைச் சோதித்த விதமும் நேர்த்தி. பிரஃபெல்டின் ஏ என்ற பூஞ்சைப் பொருளைக் கொடுத்தால் கோல்கை கலைந்து எண்டோபிளாச வலையோடு கலந்துவிடும். கத்தியே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. அப்படிச் செய்தபோது, கொலஸ்ட்ரால் ஏராளமாக இருந்தும் எஸ்ரெப்-2 வெட்டப்பட்டது. அப்படியென்றால் கத்தி கொலஸ்ட்ராலைப் பார்ப்பதில்லை. சரக்கு வந்து சேர்வதா இல்லையா என்பது ஒன்றே கேள்வி.

உட்கருவில்: ஒரே விசை, பல விளக்கு

உட்கருவுக்குப் போன துண்டு, டிஎன்ஏவில் தனக்கென்று உள்ள குறியிடங்களில் போய் உட்காருகிறது. எச்எம்ஜி கோ-ஏ ரிடக்டேஸ் மட்டுமல்ல, நாம் மேலே பார்த்த பாதையின் நொதிகள் ஏறத்தாழ அத்தனையின் ஜீன்களும் சேர்ந்து எழுகின்றன. வாசலை மட்டும் அகலப்படுத்தினால் உள்ளே நெரிசல் ஆகும். அதனால் தெரு முழுவதும் அகலமாகிறது.

இதோடு இன்னும் மூன்று ஜீன்கள் எழுகின்றன. மாமாவின் கேள்விக்குப் பதில் அவற்றில்தான் இருக்கிறது. முதலாவது எல்டிஎல் ரிசப்டர். செல் உள்ளே செய்வதோடு நிற்காமல், இரத்தத்தில் போகும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கவும் கை நீட்டுகிறது. இரண்டாவது பிசிஎஸ்கே-9. இது செல்லிலிருந்து வெளியேறி, அதே ரிசப்டரில் ஒட்டி, அதை அழிவுக்கு அனுப்பும் புரதம். மூன்றாவது இன்சிக்-1, அந்த நங்கூரமேதான்.

தயாரிப்பை எழுப்பும் அதே விசை, அதை அடக்கும் புரதங்களையும் செய்யச் சொல்வது தற்செயலாக நடந்தது இல்லை. கொலஸ்ட்ரால் குறைந்த செல்லில் இன்சிக்-1-க்குப் பிடித்துக்கொள்ள ஸ்காப் இல்லை. தனியாக நிற்கும் இன்சிக்-1 அரை மணி நேரத்துக்குள் பாதி அழிந்துபோகும். ஆகவே தயாரிப்பை நிறுத்த வேண்டுமானால் புதிய இன்சிக்-1-உம் வேண்டும், புதிய கொலஸ்ட்ராலும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் பிடி விழும். கொஞ்சம் கொலஸ்ட்ரால் எட்டிப் பார்த்த உடனே அவசரப்பட்டுச் செல் கடையை மூடுவதில்லை.

எழுந்ததை அடக்க இன்னொரு வழியும் உண்டு. ரிடக்டேஸ் ஏன் சவ்வில் வேர் ஊன்றி நிற்கிறது என்று கேட்டிருந்தோமே, அதற்கு வருகிறேன். அந்த வேர்ப்பகுதியும் ஸ்காப்பைப் போலவே ஸ்டெராலை உணரும். ஸ்டெரால்கள் மிகுந்தால் இன்சிக் வந்து அந்த வேரையும் பிடிக்கும். ஆனால் ஸ்காப்பைப் பிடித்தால் நிறுத்திவைக்கும், ரிடக்டேஸைப் பிடித்தால் அழிக்க அனுப்பும். யுபிக்விட்டின் என்ற குறிச்சீட்டை ஒட்டி, புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரத்துக்கு அனுப்பிவிடுகிறது. சாதாரணமாக 10 மணி நேரத்துக்கு மேல் அரை ஆயுள் உள்ள நொதி, ஸ்டெரால் மிகுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். இந்த அழிப்பை வலுவாகத் தூண்டுவது கொலஸ்ட்ரால் இல்லை. பாதையின் நடுவில் இருக்கும் லானோஸ்டெரால் வகைகளும், ஆக்சிஜன் ஏறிய ஸ்டெரால்களும்தான். பாதையில் நெரிசல் ஏற்படும்போதே வாசல் சுருங்குகிறது.

இப்போது மாமாவின் மாத்திரையைப் பின்தொடர்வோம்

முதல் மாத்திரை விழுங்கியாயிற்று. மருந்து கல்லீரல் செல்லுக்குள் போய் ரிடக்டேஸின் வேலைத் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. மெவலோனேட் குறைகிறது. சில மணி நேரத்தில் எண்டோபிளாச வலையில் கொலஸ்ட்ரால் 5 சதவீதக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ஸ்காப் அவிழ்கிறது, எஸ்ரெப்-2 பயணம் போகிறது, வெட்டப்படுகிறது, ஜீன்கள் எழுகின்றன.

விளைவு ஒன்று: செல் ரிடக்டேஸைக் குவிக்கிறது. மருந்து நொதியை அடைக்க அடைக்க, செல் புதிய நொதியைச் செய்துகொண்டே இருக்கிறது. அடைபட்ட பாதையில் லானோஸ்டெராலும் உருவாவதில்லை, அதனால் பழைய நொதியை அழிக்கும் வேலையும் நின்றுபோகிறது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில், ஸ்டாட்டினைத் தொடர்ந்து கொடுத்தால் ரிடக்டேஸ் பல மடங்கு பெருகுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக, தயாரிப்பு முதலில் விழுந்தாலும் அப்படியே விழுந்து கிடப்பதில்லை, ஓரளவு மீள்கிறது.

விளைவு இரண்டு: எல்டிஎல் ரிசப்டர்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு ரிசப்டரும் ஒரு துகளைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு, சுமார் 10 நிமிடத்தில் மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்ததைப் பிடிக்கிறது. மாமாவின் 170 முதல் மாத்திரையில் 106 ஆனதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஸ்டாட்டின் கல்லீரலின் தயாரிப்பைக் குறைக்கிறது, அதனால் இரத்தத்தில் குறைகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. குறைவை உணர்ந்த கல்லீரல் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதே முழு வேலை.

விளைவு மூன்று: பிசிஎஸ்கே-9-உம் பெருகுகிறது. பெருகிய ரிசப்டர்களில் ஒரு பங்கை அது அழித்துவிடுகிறது. மருந்தின் அளவைக் கூட்டினால் ரிசப்டரை எழுப்பும் விசையும் கூடும், அழிக்கும் விசையும் கூடும், நொதியும் குவியும். அதோடு, உள்ளே இழுக்கப்பட்ட எல்டிஎல்-இலிருந்து வரும் கொலஸ்ட்ரால் எண்டோபிளாச வலையை மறுபடி கோட்டுக்கு அருகே கொண்டுவரும். இதெல்லாம் சேர்ந்துதான் இரட்டிப்பு அளவுக்கு அந்த 6 சதவீதம்.

இந்த விளக்கத்துக்குச் சோதனை உண்டா? உண்டு. பிசிஎஸ்கே-9-ஐப் பிடித்துக்கொள்ளும் ஊசி மருந்துகள் 2015-இல் அனுமதி பெற்றன. ஸ்டாட்டினோடு அவற்றைச் சேர்த்தால் எல்டிஎல் இன்னும் ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது. அழிக்கும் கையைக் கட்டிவிட்டால், எழுப்பும் கை தடையின்றி வேலை செய்கிறது.

உணரும் அமைப்பு சரியாக இருந்தும் செய்தி வராதபோது

இந்த முழுக் கதையும் தொடங்கியதே ஒரு நோயிலிருந்து. பரம்பரை மிகை கொலஸ்ட்ரால் நோயில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீனைப் பெற்ற குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வரலாம். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் அப்படிப்பட்டவர்களின் தோல் செல்களை 1970-களின் தொடக்கத்தில் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். சாதாரண செல்களுக்கு எல்டிஎல் இல்லாத திரவத்தைக் கொடுத்தால் ரிடக்டேஸ் ஏறியது. எல்டிஎல்-ஐச் சேர்த்தால் இறங்கியது. நோயாளிகளின் செல்களிலோ ரிடக்டேஸ் 40 முதல் 60 மடங்கு அதிகமாக இருந்தது. எல்டிஎல்-ஐ எவ்வளவு கொட்டினாலும் இறங்கவே இல்லை.

நொதியே பழுதா, அல்லது அடக்கும் அமைப்பு பழுதா? கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து நேராகச் செல்லுக்குள் போகும்படி கொடுத்தார்கள். இப்போது நோயாளிகளின் செல்லிலும் ரிடக்டேஸ் இறங்கியது. ஆக உள்ளே அமைப்பு நன்றாகவே இருக்கிறது, எல்டிஎல் உள்ளே வர வழிதான் இல்லை. அந்த ஒரு சோதனையிலிருந்து எல்டிஎல் ரிசப்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெளியே வெள்ளம் ஓடினாலும், வாய்க்காலில் தண்ணீர் இல்லையென்றால் செல் தன்னை வறட்சியில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது.

1984-இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு கல்லீரலும் மாற்றினார்கள். எல்டிஎல் 988-இலிருந்து 184-ஆக இறங்கியது. அவளுடைய மற்ற செல்கள் எல்லாம் பழையபடி ரிசப்டர் இல்லாமலேயே இருந்தன. கல்லீரல் ஒன்று மாறியதே அவ்வளவு வித்தியாசத்துக்குப் போதுமானதாக இருந்தது.

நடைமுறையில் இதை அடையாளம் காண்பது எப்படி? பெரியவர்களில் எல்டிஎல் 190-க்கு மேல் இருந்து, வேறு காரணம் தெரியாவிட்டால், டாக்டர்கள் இந்தப் பரம்பரை வகையைச் சந்தேகிப்பார்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருக்கிறதா, குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு உண்டா என்று பார்ப்பார்கள். வேலை செய்யும் ரிசப்டர் அடியோடு இல்லாதவர்களுக்கு ஸ்டாட்டினால் அதிகம் பலன் இருக்காது. எழுப்ப ஜீன் இருந்தாலும், எழுவது வேலை செய்யாத ரிசப்டர்தான். ஸ்டாட்டின் ரிசப்டர் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஒருவரின் உடம்பு எவ்வளவு கொலஸ்ட்ராலைச் செய்கிறது என்று நேராக அளப்பது கடினம். ஆனால் பாதையின் கடைசிப் பகுதியில் வரும் லாத்தோஸ்டெரால் கொஞ்சம் இரத்தத்தில் கசியும். தயாரிப்பு அதிகமானால் அதுவும் அதிகமாகும். தாவரங்களில் மட்டும் உள்ள ஸ்டெரால்கள் இரத்தத்தில் கூடினால், குடல் வழியாக உறிஞ்சுவது அதிகம் என்று பொருள். ஆய்வுகளில் இந்த இரண்டையும் பார்த்து, ஒருவர் செய்யும் ஆளா, உறிஞ்சும் ஆளா என்று கணிப்பார்கள். சாதாரணப் பரிசோதனைக் கூடத்தில் இது வழக்கத்தில் இல்லை.

மாமாவுக்கு டாக்டர் ஸ்டாட்டினை மேலும் ஏற்றவில்லை. எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. கல்லீரலுக்கு அந்த வழியாக வருவதும் குறைவதால், ரிசப்டர் இன்னும் கொஞ்சம் எழும். அடுத்த பரிசோதனையில் 76 வந்தது. "இப்பதான் சரியாயிடுச்சே, நிறுத்திடலாமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மாத்திரையை நிறுத்தினால் குவிந்திருக்கும் ரிடக்டேஸுக்கு அடைப்பு நீங்கும், மெவலோனேட் பாயும், எண்டோபிளாச வலையில் கொலஸ்ட்ரால் கோட்டைத் தாண்டும், ஸ்காப்பை இன்சிக் பிடிக்கும், மேற்பரப்பில் ரிசப்டர்கள் குறையும். சில வாரங்களில் பழைய 170-க்கு அருகே போய் நிற்கும்.